ரிப்போர்ட்ல 'கேரியர்'னு வந்திருக்கா? ஒரு கடிதத்தைப் பத்திச் சொல்றேன்

கொஞ்சம் நீளமான இழை இது. கல்யாணம் ஆகப்போறவங்க, புதுசா கல்யாணம் ஆனவங்க, வீட்டில் கர்ப்பிணி இருக்கிறவங்க பொறுமையாக் கடைசி வரைக்கும் படிங்க.

சதுரங்கப்பட்டினம் பக்கம் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். புதுப்பட்டினம், வாயலூர், கொக்கிலமேடு என்று சுற்று வட்டாரத்திலிருந்து கர்ப்பிணிகள் வருவார்கள். அப்படி வந்த ஒரு தம்பதிக்கு மரபியல் ஆலோசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. தம்பதியின் அனுமதியோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு 22 வயது, முதல் கர்ப்பம், ஒன்பதாவது வாரம். கணவர் அவருடைய சொந்த மாமன் மகன், அதாவது அம்மாவின் அண்ணன் பையன். கல்பாக்கத்தில் ஒப்பந்த வேலை.

முதல் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.4. "லேசா ரத்தம் கம்மி, இரும்புச்சத்து மாத்திரை போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடக்கூடிய எண்தான் அது. ஆனால் அதே தாளில் இன்னும் இரண்டு எண்கள் இருந்தன. சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 64. சாதாரணமாக 80க்கு மேல் இருக்கணும். சிவப்பணுக்களின் எண்ணிக்கை 54 லட்சம்.

இங்கேதான் சந்தேகம் வரணும். இரும்புச்சத்து குறைந்தால் அணுக்கள் சின்னதாகும், எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். இவருக்கு அணுக்கள் ரொம்பச் சின்னது, எண்ணிக்கையோ தாராளம். 64ஐ 5.4ஆல் வகுத்தால் 12க்கு ஒட்டி வருகிறது. 13க்குக் கீழே வந்தால் தலசீமியா கேரியரா என்று பார்க்கணும். இது ஒரு கைக்கணக்கு மட்டும்தான், முடிவு கிடையாது. முடிவுக்கு எச்.பி.எல்.சி. என்ற பரிசோதனை வேண்டும். ரத்தத்தில் எந்த வகை ஹீமோகுளோபின் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று அது பிரித்துக் காட்டும்.

மாதிரியை அனுப்பினோம். பத்தாவது வாரம் முடிவு வந்தது. ஹீமோகுளோபின் ஏ2 5.3 சதவீதம். 3.5க்கு மேல் போனாலே பீட்டா தலசீமியா கேரியர் என்று எடுத்துக்கொள்கிறோம்.

இப்போ நான் செஞ்ச தப்பைச் சொல்றேன். அன்று ஓ.பி.யில் கூட்டம். "ஒண்ணும் இல்லம்மா, நீங்க கேரியர், அவ்வளவுதான். வீட்டுக்காரருக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கணும், கூட்டிட்டு வாங்க" என்று ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். புரிந்துவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து நாலு பேராக வந்தார்கள். அந்தப் பெண் அழுது முகம் வீங்கி இருந்தது. கணவர் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மாமியார்தான் பேசினார். "டாக்டர், எங்க வீட்டுல யாருக்கும் இந்த மாதிரி வியாதி இல்ல. இது அவங்க அம்மா வழியில வந்ததா? இல்ல எம் பையன் பிளான்ட்ல வேலை செய்யறதாலயா? புள்ளையக் கலைச்சுடணுமா?"

மூன்று கேள்வி. மூன்றுமே நான் சொல்லாமல் விட்ட இடத்தில் முளைத்தவை. கேரியர் என்ற வார்த்தையை நான் சொல்லிவிட்டேன். அதன் அர்த்தத்தைப் பக்கத்து வீடும் யூடியூபும் சொல்லிக் கொடுத்துவிட்டன.

அன்றே கணவரின் ரத்தத்தையும் எடுத்தோம். ஏன் அவசரம் என்றால், சொந்தத்தில் கல்யாணம். கணக்கு இப்படிப் போகும். இந்தப் பெண்ணுக்குக் கோளாறுள்ள மரபணு அம்மாவிடமிருந்து வந்திருக்கப் பாதி வாய்ப்பு. அம்மாவுக்கு இருந்தால் அவருடைய அண்ணனுக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு. அண்ணனிடமிருந்து மகனுக்கு வரவும் பாதி. பாதியில் பாதியில் பாதி, எட்டில் ஒன்று. நம் நாட்டில் மொத்த மக்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் கேரியர் என்பார்கள். அந்நியத்தில் கட்டியிருந்தால் அந்த மூன்று நான்கு சதவீதம். அத்தை மகள், மாமன் மகன் என்று கட்டியதால் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் நெருங்கிய சொந்தத்தில் திருமணம் அதிகம் நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. அதனால் இந்தக் கணக்கு நமக்கு ரொம்பத் தேவை.

கணவரின் முடிவு 5.0. அவரும் கேரியர்.

சென்னையில் எனக்குத் தெரிந்த மரபியல் ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினேன். அவர் ஒன்றே கால் மணி நேரம் பேசினாராம். பேசியதோடு விடாமல், பேசியதையெல்லாம் தமிழில் இரண்டு பக்கக் கடிதமாக எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினார். அதைப் படித்த பிறகுதான் என் ஒரு நிமிஷ விளக்கத்தின் லட்சணம் எனக்குப் புரிந்தது. சில பகுதிகளை அப்படியே தருகிறேன்.

கடிதம் நோயின் பெயரிலிருந்து ஆரம்பிக்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறது.

"உங்கள் இருவருக்கும் வணக்கம். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். உங்கள் இருவருக்கும் நோய் இல்லை. இனியும் இந்தக் காரணத்தால் நோய் வராது. கேரியர் என்பது நோயின் முதல் கட்டம் அல்ல. டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு போகிறவர் அதைச் சாப்பிட்டுவிடுவதில்லை. ஹீமோகுளோபின் செய்யச் சொல்லும் மரபணு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி உண்டு, ஒன்று அம்மா தந்தது, ஒன்று அப்பா தந்தது. உங்களிடம் ஒரு பிரதியில் எழுத்துப் பிழை இருக்கிறது. இன்னொரு பிரதி நன்றாக இருப்பதால் உடம்பு சமாளித்துக்கொள்கிறது."

இரண்டாவது பத்தி மாமியாருக்கு. அவர் பெயரைச் சொல்லாமலே.

"இது யார் வீட்டுக் குறை என்று கேட்டீர்கள். உங்கள் பாட்டியின் ரத்தத்தையும் பார்த்தோம். அவருக்கு ஏ2 5.1. பாட்டியிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும், அவர்களிடமிருந்து உங்கள் இருவருக்கும் வந்திருக்கிறது. அம்மா வீடு, அப்பா வீடு என்று பிரிக்க இங்கே இடமே இல்லை. இரண்டும் ஒரே வீடு."

இந்தப் பாட்டியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லணும். வயது எழுபத்து நாலு. ஆறு பிள்ளை பெற்றவர். இன்னும் மீன் கூடை தூக்குகிறார். "எனக்கு என்னா வியாதி? ஊசி போட்டதே இப்பதான்" என்று சிரித்தார். கேரியர் என்றால் என்ன என்று அந்தக் குடும்பத்துக்கு நானும் ஆலோசகரும் சொன்னதைவிட அவரைப் பார்த்ததில்தான் தெளிவாகப் புரிந்தது.

பிளான்ட் கேள்விக்கும் அவரே பதில். கல்பாக்கத்தில் முதல் அணு உலை வணிக உற்பத்தியைத் தொடங்கியது 1984 ஜனவரியில். பாட்டி அப்போதே பிள்ளைகளைப் பெற்று முடித்துவிட்டார். உலை வருவதற்கு முன்பே பிறந்தவரின் ரத்தத்தில் இருந்து வந்த மரபணு இது. கடிதத்தில் ஆலோசகர் இதைக் கிண்டல் செய்யாமல் எழுதியிருந்தார்: "உலைக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் இப்படிக் கேட்பது நியாயம். ஆனால் இந்தப் பிழை உங்கள் வேலையால் வந்ததல்ல. மலேரியா அதிகமாக இருந்த நாடுகளில் பல ஆயிரம் ஆண்டுகளாகவே இது மனிதர்களிடம் இருக்கிறது, ஏனென்றால் கேரியர்கள் மலேரியாவில் சாவது குறைவு." தலசீமியா என்ற பெயரே கிரேக்க மொழியில் கடலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மத்தியதரைக் கடலோர மக்களிடம் அதிகம் பார்த்ததால் வைத்த பெயர்.

அடுத்தது கஷ்டமான பகுதி. இருவரும் கேரியர் என்றால் குழந்தைக்கு என்ன?

இதை நான் நேரில் சொல்லும்போது "நாலுல ஒரு வாய்ப்பு" என்றேன். கணவர் என்னிடம் கேட்டார்: "அப்ப நாங்க ரெண்டோட நிறுத்திக்கிட்டா பிரச்சனை இல்லல்ல சார்?" நாலாவது குழந்தைக்குத்தான் வரும் என்று புரிந்துகொண்டிருக்கிறார். இது அவர் ஒருவரின் தப்பு இல்லை, நாம் சொல்லும் விதம் அப்படி. கடிதம் இதை இப்படிச் சொல்கிறது:

"ஒவ்வொரு முறை கர்ப்பம் ஆகும்போதும் நீங்கள் ஆளுக்கு ஒரு நாணயம் சுண்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பூ விழுந்தால் நல்ல பிரதி, தலை விழுந்தால் பிழையுள்ள பிரதி. இரண்டு பேருக்கும் தலை விழுந்தால்தான் குழந்தைக்குத் தலசீமியா நோய். அது நான்கில் ஒரு வாய்ப்பு. ஒருவருக்குத் தலை, ஒருவருக்குப் பூ என்றால் குழந்தை உங்களைப் போலக் கேரியர். அது நான்கில் இரண்டு. இரண்டும் பூ என்றால் கேரியர்கூட இல்லை. அது நான்கில் ஒன்று. போன முறை என்ன விழுந்தது என்பது நாணயத்துக்கு ஞாபகம் இருக்காது. முதல் குழந்தை நன்றாகப் பிறந்தாலும் அடுத்த கர்ப்பத்துக்கு அதே கணக்குத்தான்."

நோய் என்றால் என்ன என்பதையும் பூசி மெழுகவில்லை. "நோயுள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். கருவில் இருந்தபோது செய்த ஹீமோகுளோபின் முதல் சில மாதங்களுக்குக் காப்பாற்றும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் வெளுக்கத் தொடங்கும். பிறகு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க. ஏற்றும் ரத்தத்தில் உள்ள இரும்பு இதயத்திலும் ஈரலிலும் சேராமல் இருக்கத் தினமும் மருந்து வேண்டும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டு படித்து, வேலைக்குப் போய், திருமணம் செய்தவர்களும் இருக்கிறார்கள். பொருத்தமான உடன்பிறப்பு கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையால் குணமாக்கவும் முடியும்." வேலூர் சி.எம்.சி.யில் 1980களிலிருந்தே இந்த சிகிச்சை நடக்கிறது. 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் தலசீமியா இடம்பெற்றிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஒரு நண்பர், "இவ்வளவு பயமுறுத்தணுமா?" என்றார். இது பயமுறுத்தல் இல்லை. அந்தப் பெண் அதற்கு முன்னாடி பயந்ததெல்லாம் குழந்தை செத்துப் பிறக்கும் என்று. தெரியாத பயத்துக்குப் பதிலாகத் தெரிந்த ஒரு விஷயம் கையில் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு யோசிக்கலாம்.

அடுத்து, என்ன செய்யலாம். இங்கே ஆலோசகர் எந்தப் பக்கமும் தள்ளவில்லை. வழிகளை மட்டும் சொன்னார்.

"நீங்கள் விரும்பினால் இந்தக் கர்ப்பத்திலேயே குழந்தையின் நிலையைத் தெரிந்துகொள்ளலாம். அதற்கு முன் உங்கள் இருவருக்கும் உள்ள எழுத்துப் பிழை எது என்று டி.என்.ஏ. பரிசோதனையில் கண்டுபிடிக்க வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் குழந்தையிடம் தேட முடியாது. பதினோராவது வாரத்துக்குப் பிறகு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிறு வழியாக ஊசி செலுத்தி நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கு எடுப்பார்கள். குழந்தையை ஊசி தொடாது. இதனால் கர்ப்பம் கலையும் ஆபத்து உண்டு, பழக்கப்பட்ட கைகளில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அந்த வாரங்கள் தவறிவிட்டால் பதினாறு வாரத்துக்கு மேல் பனிக்குட நீரில் பார்க்கலாம். பரிசோதனையே வேண்டாம் என்று முடிவு செய்தாலும் அதுவும் சரியான முடிவுதான். அப்போது குழந்தை பிறந்த பின் முதல் ஆண்டிலேயே பரிசோதித்து, நோய் இருந்தால் தாமதமில்லாமல் சிகிச்சையைத் தொடங்கலாம்."

சட்டத்தையும் இரண்டு வரியில் சொல்லியிருந்தார். 1994ன் கருவறிதல் சட்டம் ஹீமோகுளோபின் நோய்களுக்காகக் கருவைப் பரிசோதிக்க அனுமதிக்கிறது, ஆணா பெண்ணா என்று சொல்ல அனுமதிக்காது. கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பதில் பெண்ணின் சம்மதம்தான் சட்டப்படி செல்லும், மாமியாரின் சம்மதமோ கணவரின் சம்மதமோ அல்ல. கருக்கலைப்புக்கு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். அதற்குப் பிறகு நிபந்தனைகள் கடுமையாகும். "புள்ளையக் கலைச்சுடணுமா?" என்ற கேள்விக்கு அவர் எழுதியது ஒரே வரி: "குழந்தையைப் பற்றி இன்னும் எதுவும் தெரியாது, நான்கில் மூன்று வாய்ப்பு நோய் இல்லாமல் இருக்கத்தான்."

மாத்திரை விஷயமும் இருந்தது. நம்ம ஆட்கள் இரண்டு பக்கமும் தப்பு பண்ணுவோம். கேரியர் என்று தெரியாமல் வருஷக்கணக்கில் இரும்புச்சத்து கொடுத்துக்கொண்டே இருப்போம், ஹீமோகுளோபின் ஏறவே ஏறாது. தெரிந்துவிட்டால் இரும்பை முழுசாக நிறுத்திவிடுவோம். இரண்டும் தப்பு. கேரியருக்கும் இரும்புச்சத்துக் குறைவு வரலாம். ஃபெரிட்டின் பார்த்துவிட்டு முடிவு செய்யணும். இன்னொன்று, இரும்புச்சத்து ரொம்பக் குறைவாக இருந்தால் ஏ2 அளவைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடும். 3.3, 3.4 என்று எல்லையில் வந்தால் "நார்மல்" என்று கையெழுத்துப் போடாமல், இரும்பைச் சரிசெய்துவிட்டு மறுபடி பார்க்கணும், அல்லது டி.என்.ஏ. பார்க்கணும். கர்ப்பிணிக்கு நேரம் இல்லையென்றால் கணவரை உடனே சோதிப்பது இன்னும் அவசியம்.

கடிதத்தின் கடைசிப் பத்தி உறவுக்காரர்களுக்கு. "உங்கள் அண்ணன், தங்கை, சித்தி, மாமா பிள்ளைகளும் கேரியராக இருக்கலாம். அவர்களிடம் சொல்ல வேண்டியது நீங்கள்தான். நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம். சொல்வதற்குச் சங்கடமாக இருந்தால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்." கணவருக்குக் கல்யாணமாகாத தங்கை ஒருத்தி இருக்கிறாள். வெளியே தெரிந்தால் வரன் வராது என்று வீட்டில் பயம். ஒரு மாதம் கழித்து அவளாகவே வந்து ரத்தம் கொடுத்தாள்.

இப்போ என் கருத்துக்கு வர்றேன்.

கேரியர் பரிசோதனை முடிவு என்பது ஒரு ஆளுக்கு வரும் முடிவு கிடையாது. ஒரு ஜோடிக்கு வரும் முடிவு. பெண்ணை மட்டும் சோதித்து, பெண் கையில் மட்டும் தாளைக் கொடுத்து அனுப்பினால், குற்றவாளி என்று அவள் கையில் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. நான் அதைத்தான் செய்தேன். நாட்களும் வீணாகும். ஒன்பதாவது வாரம் வந்த இந்தப் பெண்ணுக்கே, இரண்டு பேர் முடிவும் வந்து, டி.என்.ஏ. முடிவும் வந்து, ஊசிப் பரிசோதனைக்குப் போனபோது பதிமூன்று வாரம் முடியப்போகிறது. நாலாவது மாசத்தில் முதல் செக்கப்புக்கு வருகிறவருக்கு இதே வேகத்தில் போனால் என்ன ஆகும், நீங்களே கணக்குப் போடுங்க.

அதனால் பெண்ணின் எம்.சி.வி. 80க்குக் கீழே என்று தெரிந்த அன்றே கணவருக்கும் ரத்தம் எடுத்துவிடணும். அவருக்கும் முழு எச்.பி.எல்.சி. செய்யணும், வெறும் ரத்த அணுப் பரிசோதனை போதாது. ஏன்னா அவர் தலசீமியாவுக்குப் பதிலாக சிக்கிள் செல் கேரியராக இருந்தால் அணுக்களின் அளவு நார்மலாகவே காட்டலாம். அப்படி ஒரு ஜோடி சேர்ந்தாலும் குழந்தைக்கு நோய் வரும். எங்கள் நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடம் சிக்கிள் செல் இருப்பது 1950களிலேயே கண்டறியப்பட்ட விஷயம்.

இரண்டாவது, முடிவோடு ஒரு கடிதம் போகணும். தமிழில். "ஓ.பி.யில் நூத்தம்பது பேர் நிக்கிறாங்க, கடிதம் எழுத நேரம் எங்கே?" என்று சக மருத்துவர்கள் கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் கேரியர் என்றால் ஒரு கடிதம், இருவரும் கேரியர் என்றால் இன்னொரு கடிதம். எண்களை மட்டும் நிரப்பினால் போதும். நானும் எங்கள் செவிலியரும் சேர்ந்து இரண்டையும் எழுதி வைத்துவிட்டோம். வாயால் சொன்னது வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துவிடும். கடிதத்தை வீட்டில் நாலு பேர் சேர்ந்து நாலு தடவை படிப்பார்கள்.

மூன்றாவது, இதற்குச் சரியான நேரம் கர்ப்பமே இல்லை, அதற்கு முன்பு. "சொன்னா கல்யாணம் நின்னுடும்" என்று பயப்படுகிறோம். சைப்ரஸ் நாட்டில் கல்யாணத்துக்கு முன் இந்தப் பரிசோதனை செய்துகொண்ட சான்றிதழ் வேண்டும். முடிவு என்ன என்பது அதில் இருக்காது, கட்டுவதும் கட்டாததும் அவர்கள் இஷ்டம். இருவரும் கேரியர் என்று தெரிந்த பிறகும் பெரும்பாலான ஜோடிகள் கட்டிக்கொண்டார்கள். புதிதாகப் பிறக்கும் நோயுள்ள குழந்தைகளின் எண்ணிக்கை மட்டும் ஏறக்குறைய இல்லாத அளவுக்குக் குறைந்தது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊர் நம்முடையது. பதினொன்றாவதாக இதையும் பார்த்துக்கொள்வதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. இருவரில் ஒருவர் கேரியர் இல்லை என்று தெரிந்தாலே பீட்டா தலசீமியா நோயைப் பற்றிய கவலை கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

அந்தக் குழந்தைக்கு என்ன முடிவு வந்தது என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, நானும் கேட்கவில்லை. கடைசியாகப் பரிசோதனைக்கு வந்தபோது கணவர் கடிதத்தை பிளாஸ்டிக் உறை போட்டு ஃபைலில் வைத்திருந்தார். ரிப்போர்ட் அதற்குப் பின்னால் இருந்தது.

உங்க வீட்டில் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள் எதாவது இருந்தால் இன்று எடுத்துப் பாருங்க. ஹீமோகுளோபினுக்குக் கீழே எம்.சி.வி. என்று ஒரு எண் இருக்கும். 80க்குக் குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம், இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம். தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து அரசு மருத்துவமனைக்கு ஜோடியாகப் போங்க. தனியாகப் போகாதீங்க.

கேள்வி இருந்தால் கேளுங்க, ஓ.பி. முடிந்ததும் பதில் போடுறேன்.